ஒரு பல்பு எரிகிறது, இன்னொன்று எரியவில்லை: தொடர், பக்க இணைப்புப் பாடத்தில் வரும் பிழைகளும் தீர்வுகளும்

ஆறாம், ஏழாம் வகுப்பில் தொடரிணைப்பையும் பக்க இணைப்பையும் செய்து காட்டத் தேவைப்படுவது இரண்டு டார்ச் செல், இரண்டு பல்பு, ஹோல்டர், நாலைந்து துண்டு வயர் மட்டும்தான். ஆனாலும் பாடப்புத்தகம் சொல்வது ஒன்று, மேசையில் நடப்பது வேறொன்று என்று ஆகிவிடுவது இந்தச் சோதனையில் சகஜம். பல்பு எரியாவிட்டால் கூடப் பரவாயில்லை, பழுதைத் தேடலாம். தப்பாக எரிந்தால்தான் சிக்கல். குழந்தைகள் கண்ணால் பார்த்ததை நம்புவார்கள், நாம் சொல்வதை அல்ல.

கீழே ஒவ்வொரு தலைப்பும் மேசையில் நீங்கள் பார்க்கும் அறிகுறி. உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது இரண்டே வேலைதான்: பல்புகளை இடம் மாற்றிப் பார்ப்பது, ஒரு பல்பைக் கழற்றிப் பார்ப்பது.

நான் மனதில் வைத்திருக்கும் பொருள்கள் இவை: 1.5 வோல்ட் பெரிய டார்ச் செல் இரண்டு, உலோக இழை உள்ள டார்ச் பல்பு இரண்டு (கழுத்தில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று பொறித்தது), திருகு ஹோல்டர் இரண்டு. வீட்டு பிளக்கில் வரும் 230 வோல்ட் மின்சாரத்துக்கும் இந்தப் பாடத்துக்கும் எந்தத் தொடர்பும் வைக்க வேண்டாம். பழைய மொபைல் பேட்டரியும் வேண்டாம். ஷார்ட் ஆனால் அது டார்ச் செல்லைப் போலச் சூடாவதோடு நிற்காது, தீப்பிடிக்கவும் கூடும்.

எதுவுமே எரியவில்லை

முதலில் சுற்றைக் கலைக்காதீர்கள். இரு முனையும் சுரண்டிய ஒரு தனி வயரை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றில் உள்ள ஒவ்வொரு வயருக்கும், ஒவ்வொரு இணைப்புக்கும் மேலாக அதைப் பாலம்போல வைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் வைத்ததும் பல்பு எரிகிறதோ, அந்த இடம்தான் அறுந்திருக்கிறது. தொடரிணைப்பில் ஒரு பல்பின் இருபுறமும் வைத்ததும் மற்ற பல்பு எரிந்தால், நீங்கள் தாண்டிய பல்பு இழை அறுந்தது, அல்லது அதன் ஹோல்டர் சரியில்லை. செல்லின் இரு முனைக்கும் குறுக்கே மட்டும் இந்த வயரை வைக்கக் கூடாது, அது நேரடிக் குறுக்குச்சுற்று.

பெரும்பாலும் அகப்படுவது மூன்று காரணங்கள். ஒன்று, செல்கள் எதிரெதிராக இருப்பது: + முனையும் + முனையும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றின் மின்னழுத்தத்தை மற்றது கழித்துவிடும். இரண்டு, பல்பு ஹோல்டரில் முழுவதும் இறங்காமல் அடிமுனை தகட்டைத் தொடாமல் இருப்பது. மூன்றாவது, பழைய மோட்டாரில் இருந்தோ மின்மாற்றியில் இருந்தோ கழற்றிய செம்புக் கம்பி. பார்த்தால் வெறும் செம்பு போலத்தான் இருக்கும். ஆனால் மேலே கண்ணாடி போல எனாமல் பூச்சு உண்டு, அது மின்சாரத்தைக் கடத்தாது. முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, செம்பின் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்த பிறகுதான் கட்ட வேண்டும்.

ஹோல்டர் இல்லாமல் கையால் பிடித்துச் செய்யும் குழுக்களில் இன்னொன்றைப் பார்க்கலாம். இரண்டு வயரையும் பல்பின் அடிமுனையிலேயே வைத்திருப்பார்கள். இழையின் ஒரு முனை அடிப்புள்ளியோடும் மறு முனை பக்கவாட்டுத் திருகோடும் இணைந்திருக்கிறது என்பதை, இணைப்பு தொடங்கும் முன்பே ஒரு ஃப்யூஸ் போன பல்பைக் காட்டிச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

தனித்தனியே எரிந்த பல்புகள், தொடரில் போட்டதும் இரண்டுமே எரியவில்லை

ஒரே ஒரு செல்லை வைத்துத் தொடரிணைப்பு காட்டும்போது இது நடக்கும். இது பழுதே அல்ல. 1.5 வோல்ட்டை இரண்டு பல்பும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் வோல்ட். 2.5 வோல்ட் பல்புக்கு அது போதாது. இழை லேசாகச் சூடாகும், வெளிச்சம் தரும் அளவுக்குச் சூடாகாது. உள்ளங்கையால் பல்பை மூடி இருட்டாக்கி உற்றுப் பார்த்தால் மங்கிய செந்நிறம் தெரிந்தாலும் தெரியலாம். ஜன்னல் வெளிச்சம் விழும் மேசையில் அது சுத்தமாகத் தெரியாது.

இரண்டு செல் போடுங்கள். அப்போதும் ஒவ்வொரு பல்புக்கும் 1.5 வோல்ட்தான், வெளிச்சம் அதே இரண்டு செல்லில் ஒரு பல்பு தனியாக எரிவதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. மின்னழுத்தம் குறைவதைவிட வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும் என்பது இழை பல்பின் குணம். மங்கலாக எரிவது கடைசி பெஞ்சு வரை தெரிய வேண்டுமென்றால் மூன்றாவது செல்லைச் சேர்க்கலாம். ஆனால் மூன்று செல் இருக்கும்போது ஒற்றைப் பல்பை நேரே இணைக்க விடாதீர்கள். 4.5 வோல்ட்டில் 2.5 வோல்ட் பல்பு பளிச்சென்று மின்னிப் போய்விடும்.

தொடரில் ஒன்று நன்றாக எரிகிறது, மற்றது எரியவே இல்லை

இதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும். வகுப்பில் உடனே வரும் விளக்கம் இதுதான்: "டீச்சர், மொத பல்பே கரண்ட் எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு, ரெண்டாவதுக்கு மிச்சம் இல்ல." கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். 1980களில் நியூசிலாந்தின் ரோஜர் ஆஸ்போர்ன், இங்கிலாந்தின் டேவிட் ஷிப்ஸ்டோன் போன்றோர் பிள்ளைகளிடம் கேட்டு ஆராய்ந்தபோதும் இதே எண்ணத்தைப் பார்த்தார்கள்: மின்னோட்டம் வழியில் செலவழிந்துகொண்டே போகிறது என்பது. அதனால் இந்த அறிகுறியை "பல்பு சரியில்லப்பா, வேற போடு" என்று சொல்லிக் கடந்துவிட்டால், தவறான விளக்கம் அப்படியே உறைந்துவிடும்.

முதல் வேலை, இடம் மாற்றுவது. எரியும் பல்பையும் எரியாத பல்பையும் ஹோல்டரை விட்டு எடுத்து ஒன்றின் இடத்தில் மற்றதைத் திருகுங்கள். மாற்றுவதற்கு முன்பே "இப்போ எது எரியும்?" என்று கேட்டுக் கை தூக்கச் சொல்லுங்கள். முதல் பல்பு தின்றுவிடுகிறது என்பது உண்மையானால், எந்தப் பல்பைப் போட்டாலும் முதல் இடத்தில் இருப்பதுதான் எரிய வேண்டும். நடப்பது வேறு: பெரும்பாலும் அதே பல்புதான், இரண்டாவது இடத்துக்குப் போன பிறகும் எரியும். செல்லைத் திருப்பிப் போட்டு + இருந்த இடத்தில் − வந்தாலும் அதே பல்புதான் எரியும். வரிசைக்கு இதில் வேலையே இல்லை.

இடம் மாற்றிய பிறகு இருட்டு பல்போடு போனால், குற்றம் பல்பிடம். இருட்டு அதே ஹோல்டரிலேயே தங்கிவிட்டால், குற்றம் ஹோல்டரிடம். இதை உறுதிப்படுத்த இரண்டாவது வேலை: எரியாத பல்பைக் கழற்றுங்கள்.

கழற்றியதும் மற்ற பல்பும் அணைந்தால், இதுவரை எரியாத பல்பு வழியாகத்தான் மின்னோட்டம் போய்க்கொண்டிருந்தது. கழற்றிய பிறகும் மற்றது எரிந்துகொண்டே இருந்தால், அந்த ஹோல்டரின் இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று தொடுகின்றன, அல்லது வயரின் ஒரு இழை பிரிந்து குறுக்கே கிடக்கிறது. மின்னோட்டம் பல்பைத் தொடாமலே தாண்டிப் போகிறது. அப்படியானால் எரியும் பல்பு, தனியாக எரிவது போலவே முழுப் பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கும். தகட்டை நிமிர்த்துங்கள், வயர் முனையை முறுக்கி விடுங்கள், தீர்ந்தது.

குற்றம் பல்பிடம் என்றால் விஷயம் சுவையானது. பல்பின் கழுத்தைப் படியுங்கள். இரண்டும் 2.5 வோல்ட் என்றே இருக்கும். ஆனால் ஒன்றில் 0.2 ஆம்பியர், மற்றதில் 0.5 ஆம்பியர் என்று இருக்கலாம். கடைக்காரர் ஒரே டப்பாவில் இருந்து அள்ளிக் கொடுத்ததில் கலந்து வந்திருக்கும். கணக்கைப் பார்ப்போம். 0.2 ஆம்பியர் பல்பு முழுதாக எரியும்போது அதன் மின்தடை 12.5 ஓம். 0.5 ஆம்பியர் பல்புக்கு 5 ஓம். இரண்டையும் 3 வோல்ட்டில் தொடராகப் போட்டால் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம், ஏறத்தாழ 0.2 ஆம்பியர். முதல் பல்புக்கு அது முழுச் சாப்பாடு, கிட்டத்தட்ட 2.5 வோல்ட்டும் அதற்கே கிடைத்துவிடும். 0.5 ஆம்பியர் வேண்டிய பல்புக்கு அது அரைகுறை, மிஞ்சும் அரை வோல்ட்டில் இழை சூடாவதே இல்லை. சூடாகாத இழைக்கு மின்தடை இன்னும் குறைவு, அதனால் பங்கும் இன்னும் குறையும். ஆகவேதான் ஒன்று மங்கல், ஒன்று பிரகாசம் என்று நிற்காமல், ஒன்று பிரகாசம், ஒன்று அறவே இருட்டு என்று போய் முடிகிறது.

இதே இரண்டு பல்பையும் அப்படியே பக்க இணைப்பில் போடுங்கள். இப்போது இருட்டாக இருந்த 0.5 ஆம்பியர் பல்புதான் அதிக வெளிச்சம் தரும், மற்றது அதற்கு அடுத்துத்தான். இந்தப் பொருந்தாத ஜோடியைத் தூக்கி எறியாதீர்கள், தனியே ஒரு உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் செலவழிகிறது என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட நல்ல கருவி நமக்குக் கிடைக்காது. பாடத்தின் முதல் நாள் மட்டும் வேண்டாம், அன்றைக்கு ஒத்த ஜோடிதான் வேண்டும்.

இன்னும் ஒப்புக்கொள்ளாத பிள்ளைகள் இருப்பார்கள், இருக்கவும் வேண்டும். அவர்களுக்குத் திசைகாட்டி. சிறிய காந்தத் திசைகாட்டியின் மேல் வயரை வடக்குத் தெற்காக இருபது சுற்று சுற்றி, அதைத் தொடர் சுற்றில் முதல் பல்புக்கு முன்னால் இணையுங்கள். ஊசி எவ்வளவு விலகுகிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அதையே இரண்டு பல்புக்கும் நடுவில், அப்புறம் இரண்டாவது பல்பைத் தாண்டி இணையுங்கள். மூன்று இடத்திலும் விலகல் ஒன்றே. மின்னோட்டம் ஊசியை விலக்கும் என்று 1820ல் ஓர்ஸ்டெட் கண்டது, இங்கே அம்மீட்டர் வாங்கும் செலவை மிச்சப்படுத்துகிறது. அருகில் கத்தரிக்கோல், இரும்பு மேசைக்கால், மொபைல் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒத்த ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. ஒரே எழுத்துப் பொறித்த பல்புகளில்கூடச் சிறு வித்தியாசம் இருக்கும். முந்தின நாளே எல்லாப் பல்பையும் இரண்டிரண்டாகத் தொடரில் போட்டுப் பார்த்து, சமமாக எரிபவற்றைச் சேர்த்துக் கட்டி வையுங்கள். தொடரிணைப்பு இந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்பதால் கண்பார்வையே போதும்.

பக்க இணைப்பு என்றார்கள், ஒன்றைக் கழற்றினால் இரண்டும் அணைகிறது

அது பக்க இணைப்பு அல்ல. பிள்ளைகள் இரண்டு பல்பையும் அருகருகே, படத்தில் உள்ளது போலவே ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்திருப்பார்கள், வயர் மட்டும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்பும். வைத்த விதம் எப்படி இருந்தாலும் பாதை ஒன்றுதான்.

திட்டுவதற்குப் பதில் விரலை வைக்கச் சொல்லுங்கள். செல்லின் + முனையில் தொடங்கி வயர் வழியே விரலை நகர்த்தி − முனைக்கு வர வேண்டும். வழியில் எங்காவது "இந்தப் பக்கம் போகலாமா, அந்தப் பக்கம் போகலாமா" என்று விரல் நின்று யோசிக்க வேண்டிய சந்திப்பு இருந்தால் பக்க இணைப்பு. நிற்காமல் வந்துவிட்டால் தொடர். பிரியும் சந்திப்பு ஒன்று, மறுபடி சேரும் சந்திப்பு ஒன்று, ஆக இரண்டு இருக்க வேண்டும். அந்தச் சந்திப்பில் மூன்று வயர் முனைகள் சேர்வதால் அங்கேதான் இணைப்பு தளர்ந்து போகும். செல்லோடேப் ஒட்டி வைத்தால் நிற்காது, மூன்றையும் சேர்த்து முறுக்கி ஒரு குண்டூசியையோ பேப்பர் கிளிப்பையோ மாட்டிவிடுங்கள்.

சரியாகச் செய்த குழுவைப் பல்புகளை மேசையில் நீட்ட வாக்கில் ஒரே வரிசையில் இழுத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள், வயரைக் கழற்றாமல். பார்க்கத் தொடர் போல இருக்கும், ஒன்றைக் கழற்றினால் மற்றது எரியும். இது பலருக்கு அப்போதுதான் உறைக்கும்.

பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் முதல் பல்பு மங்குகிறது

புத்தகத்தில் "பக்க இணைப்பில் பல்புகள் ஒரே பிரகாசத்தோடு எரியும், ஒன்று மற்றதைப் பாதிக்காது" என்று படித்துவிட்டு வந்த பிள்ளை இதைப் பார்த்ததும், ஆசிரியர் முகத்தைத்தான் பார்க்கும். இதிலும் சுற்றில் பிழை இல்லை. செல்லில்தான் விஷயம்.

ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் மின்தடை இருக்கிறது. ஓடித் தேய்ந்த சாதாரண துத்தநாக-கார்பன் செல்லில் அது ஒரு ஓம், சில சமயம் அதற்கும் மேல் இருக்கும். இரண்டு செல்லுக்கு 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல்பு மட்டும் எரியும்போது 0.3 ஆம்பியர் ஓடுகிறது, செல்லுக்குள்ளேயே 0.6 வோல்ட் இழக்கிறோம், பல்புக்கு 2.4 வோல்ட் கிடைக்கிறது. இரண்டாவது பல்பைப் பக்கத்தில் சேர்த்ததும் செல் கொடுக்க வேண்டிய மின்னோட்டம் அரை ஆம்பியருக்கு மேல் ஏறிவிடுகிறது. உள்ளே இழப்பது ஒரு வோல்ட், பல்புகளுக்கு மிஞ்சுவது சுமார் 1.95 வோல்ட். அரை வோல்ட்டுக்கும் குறைவான வீழ்ச்சிதானே என்று தோன்றும், ஆனால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கடைசி பெஞ்சுக்கே தெரியும் வித்தியாசம் இது.

புதிய, அல்கலைன் வகைப் பெரிய செல்லைப் போட்டால் வீழ்ச்சி கால் வோல்ட்டுக்குள் அடங்கும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பாடத்துக்கென்றே ஒரு ஜோடி நல்ல செல்லை ஒதுக்கி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். செல்லை மல்டிமீட்டரில் சோதிக்கும்போது வெறுமனே வைத்துப் பார்த்தால் தேய்ந்த செல்லும் 1.4 வோல்ட் காட்டி ஏமாற்றும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே முனைகளில் வைத்துப் பாருங்கள், அப்போதுதான் சாயம் வெளுக்கும். நீளமான மெல்லிய வயரும், துருப்பிடித்த செல் பெட்டி ஸ்பிரிங்கும் இதே மங்கலைத் தரும். புதுச் செல் போட்டும் மங்கினால் அவற்றைத் தேய்த்துப் பாருங்கள்.

வகுப்பில் எப்படிச் சொல்வது? இரண்டு பல்பும் ஒன்றுக்கொன்று சமமாக எரிகின்றனவா என்று முதலில் கேளுங்கள். எரிகின்றன. அதுதான் பக்க இணைப்பு உறுதி சொல்வது: இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம். முன்பு தனியாக எரிந்ததைவிட ஏன் மங்கல் என்பது செல் பற்றிய கேள்வி. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்ததே. தோட்டத்தில் பம்ப்செட் ஓடத் தொடங்கும்போது வீட்டு பல்பு ஒரு கணம் மங்குமே, அங்கே இழப்பது தூரத்தில் இருந்து வரும் மின்கம்பியில், இங்கே செல்லுக்குள். ஐந்தாறு நிமிடம் ஒதுக்கினால் ஆறாம் வகுப்புக்கும் புரியும். உள்தடை என்ற சொல்லையும் கணக்கையும் மட்டும் மேல் வகுப்புக்கு விட்டுவிடலாம்.

எல்லாம் அணைந்துவிட்டது, வயர் சுடுகிறது

உடனே ஒரு வயரைக் கழற்றுங்கள், கேள்வியெல்லாம் பிறகு. பல்பே இல்லாத ஒரு கிளை உருவாகியிருக்கிறது. பக்க இணைப்பு செய்யும் குழுவில்தான் இது அதிகம், மூன்றாவது கிளைக்கு வயரை மட்டும் போட்டுவிட்டுப் பல்பை மறந்திருப்பார்கள், அல்லது ஸ்விட்சைப் பல்புக்குத் தொடராக வைக்காமல் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஸ்விட்சை மூடினால் பல்பு அணைகிறது, திறந்தால் எரிகிறது என்று ஒரு குழு ஆச்சரியமாகக் கூப்பிட்டால், அது இதுதான். சிரித்துப் பாராட்டும் முன் செல்லைக் கழற்றிவிடுங்கள். சில நிமிடம் இப்படியே விட்டால் செல் தொட முடியாத அளவுக்குச் சூடாகும், அதன் பிறகு அது பக்க இணைப்புக் காட்ட உதவாது.

பல்புக்குப் பதில் எல்.இ.டி. வாங்கி வந்துவிட்டோம்

இப்போது பல ஊர்க் கடைகளில் இழை பல்பு கேட்டால் எல்.இ.டி.யைத்தான் எடுத்துத் தருகிறார்கள். அதை வைத்து இந்தப் பாடத்தை நடத்துவது கடினம். ஒரு திசையில் மட்டுமே எரியும், காலை மாற்றிப் போட்டால் எரியாது. சிவப்பு எல்.இ.டி. எரிய 2 வோல்ட் போல வேண்டும், வெள்ளைக்கு 3 வோல்ட் போல. இரண்டு செல்லில் இரண்டு சிவப்பைத் தொடராகப் போட்டால் மங்கலாகக்கூட எரியாது, வெறும் இருட்டுதான். "தொடரில் மங்கும்" என்று காட்ட வழியில்லை. சிவப்பும் வெள்ளையும் பக்க இணைப்பில் போட்டால் சிவப்பு மட்டும் எரியும், வெள்ளை எரியாது, விளக்கம் சொல்லி மாளாது. வேறு வழியே இல்லையென்றால் ஒரே நிற எல்.இ.டி.களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றோடும் 100 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்து, பக்க இணைப்பை மட்டும் காட்டுங்கள். தொடரிணைப்புக்குப் பழைய டார்ச் லைட்டுகளை வீட்டில் தேடச் சொன்னால் நாலைந்து இழை பல்பு எப்படியும் வந்து சேரும்.

அப்படித் தேடும்போது யாராவது திருவிழா சீரியல் செட்டைத் தூக்கி வந்து, "இதுல ஒரு பக்கம் மட்டும் அணைஞ்சிருக்கு டீச்சர், மிச்சம் எரியுது, இது தொடரா பக்கமா?" என்று கேட்பார்கள். பிளக்கில் மாட்டாமலேயே பதில் சொல்லலாம்: இரண்டும்தான். அணைந்த துண்டுக்குள் விளக்குகள் தொடராகக் கோத்திருக்கின்றன, அதில் ஒன்று போனதும் துண்டு முழுதும் போனது. அந்தத் துண்டும் எரியும் துண்டுகளும் தங்களுக்குள் பக்க இணைப்பில் இருக்கின்றன. கரும்பலகையில் அந்தச் சுற்றை வரையும் வேலையைக் கேட்ட பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.